தாடையோரப் பருவும் தள்ளிப்போகும் மாதவிலக்கும்

இருபது வயதைத் தாண்டிய பெண் ஒருத்தி முகப்பருவுக்காகத் தோல் மருத்துவரிடம் போகிறாள். முகத்தைப் பார்த்து முடித்த மருத்துவர், "மாசாமாசம் சரியா வருதாம்மா?" என்று கேட்கிறார். கூட வந்திருக்கும் அம்மா நாற்காலியில் நெளிகிறார். பருவைக் காட்ட வந்த இடத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று அவருக்குத் தோன்றுகிறது. அடுத்த கேள்வி இன்னும் சங்கடமானது: "தாடையில, மேலுதட்டுல முடி எடுக்குற பழக்கம் இருக்கா?"

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காவிட்டால் பதில் கிடைக்கவே கிடைக்காது. மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் யாரும் தாடை முடியோடு போவதில்லை. முதல் நாளே பார்லரில் த்ரெடிங் செய்துகொண்டு, முகத்தைத் துடைத்துவைத்தாற்போல் வந்து உட்கார்கிறார்கள். ஆகவே முக்கியமான தடயம் அறைக்குள் நுழையும் முன்பே அழிந்துவிடுகிறது. பருவுக்குத் தோல் மருத்துவர், முடிக்கு பார்லர், தள்ளிப்போகும் மாதவிலக்குக்கு மகப்பேறு மருத்துவர், அதுவும் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே கோளாறு மூன்று இடங்களுக்குப் பிரிந்து போகிறது. மூன்றையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் கேட்கும்போதுதான் பிசிஓஎஸ் என்ற பெயர் வருகிறது. நம் ஊரில் பிசிஓடி என்றும் சினைப்பை நீர்க்கட்டி என்றும் பரவலாகச் சொல்வது இதைத்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பதே தெரியாது.

ஓர் ஆளை வைத்துப் பேசினால் விளங்கும். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் 23 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். இவர் ஒரு தனி நபர் இல்லை. இப்படி வருகிறவர்களிடம் வழக்கமாகக் காணப்படும் விவரங்களைச் சேர்த்து நான் உருவாக்கியவர். வயதுக்கு வந்தது 13இல். முதல் ஒன்றிரண்டு வருடம் மாதவிலக்கு முன்னே பின்னே வந்தது; யாரும் கவலைப்படவில்லை, கவலைப்படத் தேவையும் இல்லை. ஆனால் இப்போதும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. 18 வயதில் தொடங்கிய பரு கன்னத்தின் கீழ்ப்பகுதியிலும் தாடையோரத்திலும் கழுத்தின் மேற்பகுதியிலும் நிலைத்துவிட்டது. பள்ளிக்கூட வயதில் நெற்றியில் வரும் சின்னப் பரு மாதிரி இல்லை. தோலுக்கடியில் உருண்டையாக, தொட்டால் வலிக்கும்படி வந்து, போகும்போது கறுப்புத் தழும்பை விட்டுப்போகிறது. தாடையில் பத்து நாளைக்கு ஒருமுறை த்ரெடிங். உயரம் 156 செ.மீ., எடை 68 கிலோ, இடுப்புச் சுற்றளவு 88 செ.மீ. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். பின்கழுத்தில் கறுப்பு படிந்திருக்கிறது. அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து அந்த இடம் தடித்திருக்கிறது.

அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் அதிகமாக ஓடுகிறது என்பதற்குத் தோல் காட்டும் அடையாளம் அது. கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுக்கும். இந்தப் பெண்ணின் கோளாறைப் புரிந்துகொள்ள அங்கிருந்தே தொடங்கலாம்.

இன்சுலினுக்கும் தாடை முடிக்கும் என்ன உறவு?

சாப்பிட்ட சர்க்கரையை ரத்தத்திலிருந்து தசைகளுக்குள் அனுப்புவது இன்சுலினின் வேலை. சிலருக்குத் தசைகள் அதன் சொல்லுக்குச் சரியாகக் கீழ்ப்படிவதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. சர்க்கரை அளவு பல ஆண்டுகள் கட்டுக்குள் இருக்கும். ஆனால் ரத்தத்தில் இன்சுலின் எப்போதும் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும். தசைக்குக் கேட்காத அந்தச் சொல் சினைப்பைக்கு மட்டும் நன்றாகக் கேட்கிறது என்பதுதான் விபரீதம்.

சினைப்பையில் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன்களைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. டெஸ்டோஸ்டீரோன் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அது ஆண்களுக்கு மட்டுமான சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். எல்லாப் பெண்களின் உடம்பிலும் அது கொஞ்சம் உண்டு, இருக்கவும் வேண்டும். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்எச் என்ற தூண்டுதல் அதிகமாக வருகிறது. கூடுதல் இன்சுலினும் அதோடு சேர்ந்துகொள்ளும்போது அந்தச் செல்கள் அளவுக்கு மீறி டெஸ்டோஸ்டீரோனைச் சுரக்கின்றன. கல்லீரலிலும் இன்சுலின் ஒரு காரியம் செய்கிறது. டெஸ்டோஸ்டீரோனைப் பிடித்துக் கட்டி வைக்கும் எஸ்எச்பிஜி என்ற புரதம் அங்கேதான் உற்பத்தியாகிறது. இன்சுலின் கூடினால் அந்த உற்பத்தி குறைந்துவிடுகிறது. சுரப்பு கூடுகிறது, கட்டி வைப்பது குறைகிறது. ஆகவே கட்டில்லாமல் திரியும் டெஸ்டோஸ்டீரோன் அதிகமாகிறது. தோலைப் பாதிப்பது இதுதான்.

தோலில் அது இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. எண்ணெய்ச் சுரப்பி பெருத்து எண்ணெயைக் கொட்டுகிறது; துவாரம் அடைபட்டு, உள்ளே கிருமி பெருகிப் பரு வருகிறது. பக்கத்திலேயே இருக்கும் மயிர்க்காலில், மெல்லிய பூனைமுடியாக இருந்தது தடித்துக் கறுத்த முடியாக மாறுகிறது. மேலுதடு, தாடை, மார்பின் நடு, தொப்புளுக்குக் கீழே என்று ஆண்களுக்கு முடி வளரும் இடங்கள்தான் இந்த மாற்றத்துக்கு ஆளாகின்றன. கை கால்களில் கொஞ்சம் அதிகமாக முடி இருப்பது குடும்ப வாகு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு மயிர்க்கால் ஒருமுறை பூனைமுடியிலிருந்து தடித்த முடிக்கு மாறிவிட்டால் ஹார்மோனைக் குறைத்தாலும் அது முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சினைப்பைக்குள்ளும் இதே கூடுதல் ஆண்ட்ரோஜன் முட்டை வளர்ச்சியைத் தடுக்கிறது. மாதம் ஒரு முட்டைப்பை முதிர்ந்து வெடிக்க வேண்டும். இங்கே பல முட்டைப்பைகள் சில மில்லிமீட்டர் வளர்ந்ததும் அப்படியே நின்றுவிடுகின்றன. முட்டை வெளிவராததால் புரோஜெஸ்டீரோன் சுரப்பதில்லை. அது சுரந்து வடிந்தால்தான் மாதவிலக்கு நேரத்துக்கு வரும். ஸ்கேனில் "நீர்க்கட்டி" என்று காட்டப்படுபவை இப்படி வளர்ச்சி நின்ற முட்டைப்பைகள்தாம். ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. 1935ஆம் ஆண்டு சிகாகோ மருத்துவர்கள் ஸ்டீனும் லெவன்தாலும் ஏழு பெண்களை வைத்து இந்தக் கோளாறை முதன்முதலில் விவரமாக எழுதியபோது சினைப்பையில் ஒரு துண்டை வெட்டியெடுத்துத்தான் வைத்தியம் பார்த்தார்கள். இப்போது அதற்குத் தேவை இருப்பதில்லை.

பரிசோதனை: எது வேண்டும், எது வேண்டாம்

திருப்பூர்ப் பெண் கையில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டோடுதான் வருகிறார். அவருக்கு அது தேவையே இருந்திருக்காது. இப்போது உலகம் முழுக்கப் பின்பற்றும் விதிப்படி மூன்று அடையாளங்களில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ் என்று முடிவு செய்கிறார்கள்: மாதவிலக்குக் கோளாறு, ஆண்ட்ரோஜன் கூடியதற்கான அறிகுறி, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம். முதல் இரண்டும் தெளிவாக இருக்கும்போது மூன்றாவதைத் தேட வேண்டியதில்லை. 2023இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் இதைத் திட்டவட்டமாகச் சொல்கிறது. ஸ்கேனுக்குப் பதிலாக ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனையையும் பெரியவர்களுக்குப் பயன்படுத்தலாம் என்கிறது, ஆனால் அதுவும் முதல் இரண்டும் தெளிவாக இல்லாதபோதுதான்.

மாதவிலக்குக் கோளாறு என்பதற்கும் கணக்கு உண்டு. வயதுக்கு வந்து மூன்று வருடம் ஆன பிறகும் 35 நாளைத் தாண்டி வந்தாலோ, 21 நாளைக்குள் வந்தாலோ, வருடத்தில் எட்டு முறைக்கும் குறைவாக வந்தாலோ ஒழுங்கில்லை என்று பொருள். ஒன்று முதல் மூன்று வருடத்துக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 45 நாள் வரை போகலாம். முதல் வருடத்துக்கு எந்தக் கணக்கும் இல்லை. 14 வயதுப் பிள்ளைக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனதென்று ஸ்கேன் எடுத்து, பிசிஓடி என்று எழுதிக் கையில் கொடுத்து, அந்தக் குடும்பத்தை "குழந்தை பிறக்குமா" என்ற பயத்தில் தள்ளுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. இது தவறான வைத்தியம். அந்த வயதில் நல்ல ஆரோக்கியமான சினைப்பையே ஸ்கேனில் இப்படித்தான் தெரியும். வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகும்வரை ஸ்கேனையோ ஏஎம்எச்சையோ வைத்து முடிவு செய்யக் கூடாது.

பருவை மட்டும் வைத்தும் முடிவு செய்யக் கூடாது. தாடையோரப் பரு உள்ள பெண்களில் பலருக்கு மாதவிலக்கும் ஹார்மோனும் ஒழுங்காகவே இருக்கும். மூன்று அறிகுறிகளில் நம்பகமான சாட்சி தடித்த முடிதான். உடம்பின் ஒன்பது இடங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். மொத்தம் நான்கு முதல் ஆறுக்கு மேல் போனால் அதிகம். த்ரெடிங் செய்துவிட்டு வந்தால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். எனவே ஒரு மாதம் இல்லாவிட்டாலும் இரண்டு வாரமாவது முடியை எடுக்காமல் வருவது நல்லது. முடியாது என்றால், எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுக்கிறோம் என்று மறைக்காமல் சொல்லலாம்.

அடுத்து, இதே முகத்தோடு வரும் வேறு நோய்களைக் கழிக்க வேண்டும். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வது முதல் வேலை. தைராய்டு, புரோலாக்டின் இரண்டும் மாதவிலக்கைத் தள்ளிப்போடும். அட்ரினல் சுரப்பியின் பிறவிக் கோளாறு ஒன்று அச்சு அசலாகப் பிசிஓஎஸ் போலவே இருக்கும்; அதைக் கண்டுபிடிக்கக் காலையில் எடுக்கும் 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டீரோன் பரிசோதனை உதவும். இவை எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று உண்டு. முடி வளர்ச்சி வருடக்கணக்கில் மெல்ல வராமல் சில மாதங்களில் மளமளவென்று வந்து, குரல் கரகரத்து, தலையில் முன்வழுக்கை விழுந்தால் அது ஆண்ட்ரோஜன் சுரக்கும் கட்டியாக இருக்கலாம். அப்போது டெஸ்டோஸ்டீரோன் மிக உயர்ந்திருக்கும். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு போலியும் உண்டு, இது நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் "வெள்ளையாக்கும்" டியூப்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதல் இரண்டு வாரம் முகம் பளபளக்கும். பிறகு ஒரே மாதிரியான சின்னச் சின்னப் பருக்கள் முகமெங்கும் கிளம்பும், தோல் சிவந்து மெலியும், பூனைமுடியும் அடர்த்தியாகும். பருவும் முடியும் சேர்ந்து வந்ததால் இதைப் பிசிஓடி என்று நினைத்துவிடலாம். மாதவிலக்கு ஒழுங்காக இருப்பதும், முடி முகம் முழுக்க மென்மையாகப் படர்ந்திருப்பதும் இதைக் காட்டிக்கொடுக்கும். என்ன பூசுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டால் அந்த டியூப்பையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவது நல்லது.

நம் பெண்ணுக்குத் தைராய்டு, புரோலாக்டின், அட்ரினல் பரிசோதனைகள் சரியாக இருந்தன. டெஸ்டோஸ்டீரோன் டெசிலிட்டருக்கு 68 நானோகிராம். அந்த லேப்பின் மேல்வரம்பு 50. வெறும் வயிற்றுச் சர்க்கரை 98, எனவே சரி என்றுதான் எவரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 152. நூற்று நாற்பதைத் தாண்டினால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்பதாக அர்த்தம். பிசிஓஎஸ் உள்ள பெண்ணுக்கு வெறும் வயிற்றுச் சோதனையோடு நிறுத்திக்கொண்டால் தவறிப்போவது இந்த இடம்தான்.

நான்கு வைத்தியம், நான்கு கடிகாரம்

இங்கே ஒரே மாத்திரை எல்லாவற்றையும் சரி செய்வதில்லை. பருவுக்குத் தோலின் மேல் பூசும் மருந்து, ஹார்மோனுக்கு மாத்திரை, இன்சுலினுக்கு எடைக் குறைப்பும் மெட்ஃபார்மினும், ஏற்கெனவே தடித்துவிட்ட முடிக்கு லேசர் என்று நான்கும் சேர்ந்துதான் சிகிச்சை. நான்கும் வெவ்வேறு வேகத்தில் வேலை செய்வதால்தான் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். முதலிலேயே இந்தக் கால அளவுகளைச் சொல்லிவிடும் மருத்துவரிடம் நோயாளி நிலைக்கிறார்.

முதலில் பரு. இரவில் முகம் கழுவித் துடைத்து, உலர்ந்த பிறகு அடாபலீன், பென்சாயில் பெராக்ஸைடு கலந்த ஜெல்லை ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிசாகப் பூச வேண்டும். பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பது பெரும்பாலோர் செய்யும் பிழை. இனி வரப்போகும் பருவைத் தடுப்பதுதான் இந்த ஜெல்லின் வேலை. முதல் இரண்டு மூன்று வாரம் எரியும், தோல் உரியும், சிலருக்குப் பரு கூடுவது போலவும் இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பூசிப் பழக்கலாம். பெராக்ஸைடு தலையணை உறையை வெளுக்க வைக்கும் என்பதால் பழைய உறையைப் போட்டுக்கொள்ளலாம். வீக்கமுள்ள பரு அதிகமாக இருந்ததால் நம் பெண்ணுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. மாத்திரையும் கொடுத்தார்கள், மூன்று மாதத்துக்கு மட்டும். பிசிஓஎஸ் பருவுக்கு ஆண்டிபயாட்டிக்கை மட்டும் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்தால் சாப்பிடும்வரை அடங்கி, நிறுத்திய மாதமே திரும்பும். இந்தப் பெண்ணுக்கு முன்பு இரண்டு முறை அப்படித்தான் நடந்திருந்தது.

இரண்டாவது ஹார்மோன். மாதவிலக்கை ஒழுங்காக்கவும் ஆண்ட்ரோஜனைக் குறைக்கவும் முதலில் கொடுப்பது கருத்தடை மாத்திரை. அதைச் சொன்னதும் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க டாக்டர், கல்யாணம் ஆகாத புள்ளைக்கு இந்த மாத்திரையைக் குடுக்கலாங்களா? பின்னால கொழந்த நிக்குமுங்களா?"

"நிக்கும்மா. இதை நிறுத்துன கொஞ்ச நாள்ல இதோட வேலை முடிஞ்சுபோயிரும். இப்ப இவளுக்கு இது ஹார்மோன் மாத்திரை, அவ்வளவுதான். டப்பால என்ன பேரு போட்டிருக்குன்னு பாத்து பயப்படாதீங்க."

மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் எஸ்எச்பிஜியைக் கூட்டி, திரியும் டெஸ்டோஸ்டீரோனைக் கட்டிப் போடுகிறது. சினைப்பையைத் தூண்டும் எல்எச்சும் அடங்குகிறது. முதல் அட்டை முடிந்ததுமே மாதவிலக்கு நாள் தவறாமல் வரும். இது நோய் குணமானதற்கு அடையாளம் இல்லை. மாத்திரை கொண்டுவரும் ஒழுங்கு. ஆனால் அதற்கும் பயன் உண்டு. மாதக்கணக்கில் மாதவிலக்கே வராமல் இருந்தால் கருப்பை உள்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும், வருடங்கள் கழித்து அது புற்றுநோயாக மாறும் வாய்ப்பு கூடும். கருத்தடை மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக்கூட, மூன்று மாதத்தைத் தாண்டவிடாமல் பத்து முதல் 14 நாள் புரோஜெஸ்டோஜன் மாத்திரை கொடுத்து அந்தச் சுவரை உதிர வைப்பார்கள். அதில் பருவோ முடியோ குறையாது. இந்த வித்தியாசம் தெரியாமல், "மாசம் வர மாத்திரை சாப்பிட்டேனே, பரு போகலியே" என்று ஏமாறுகிறவர்கள் உண்டு.

கருத்தடை மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லி வாங்கக் கூடாததற்குக் காரணம் ரத்தக்கட்டு. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறையும் அபாயத்தை இது கொஞ்சம் கூட்டும். இளம் பெண்களுக்கு அது ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஒரு சிலருக்கு வரக்கூடியது, கர்ப்ப காலத்தில் வருவதைவிடக் குறைவு. ஆனால் முன்பே ரத்தக்கட்டு வந்தவர்கள், கண்முன் மின்னல் கோடுகள் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது. எனவே பிபி பார்க்காமல் எழுதிக்கொடுத்த சீட்டை நம்ப வேண்டாம். சிப்ரோடெரோன் கலந்த மாத்திரையைப் பருவுக்கென்றே பலர் முதலில் எழுதுகிறார்கள். அதில் ரத்தக்கட்டு அபாயம் கூடுதல் என்பதால் 2023 வழிகாட்டுதல் அதை முதல் தேர்வாக வைக்கவில்லை. மாத்திரை சாப்பிடும்போது ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இதுவரை அனுபவிக்காத தலைவலி இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது இன்சுலின். மெட்ஃபார்மினை ராத்திரிச் சாப்பாட்டோடு 500 மி.கி.யில் தொடங்கி, வாரமோ இரண்டு வாரமோ விட்டுக் கூட்டிக்கொண்டே போவார்கள். எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுத்தால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வந்து நிறுத்திவிடுவார்கள். மெட்ஃபார்மின் பருவுக்கும் முடிக்கும் பெரிதாக எதுவும் செய்யாது. சர்க்கரை நோய் வராமல் தள்ளிப்போடவும் மாதவிலக்கைக் கொஞ்சம் ஒழுங்காக்கவும்தான் அது. வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடையைப் பற்றி இந்தப் பெண்ணிடம் அதுவரை எல்லாரும் சொன்னது "வெயிட்டைக் குறைங்க" என்ற ஒற்றை வாக்கியம்தான். எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. 68 கிலோவில் ஐந்து சதவீதம் என்பது மூன்றரைக் கிலோ. அவ்வளவு குறைந்தாலே இன்சுலினும் ஆண்ட்ரோஜனும் இறங்கத் தொடங்கிவிடும். எந்த உணவுமுறை சிறந்தது என்று ஆராய்ந்து பார்த்ததில் ஒன்று மற்றதைவிட மேல் என்று எதுவும் நிரூபணமாகவில்லை. ஆகவே சோற்றை அடியோடு நிறுத்துவதைவிட, தொடர்ந்து கடைப்பிடிக்கக்கூடிய மாற்றம் போதும். இவர் மாலை டீயோடு சாப்பிட்ட பன்னையும் பஜ்ஜியையும் விட்டார்; வாரத்துக்கு ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடந்தார். ஒல்லியாக இருக்கிறவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும். அவர்களிடம் போய் எடையைக் குறைக்கச் சொல்வதில் எந்த அர்த்தமும் இல்லை.

முடிதான் கடைசியில் மசியும்

மூன்றாம் மாதம். மாதவிலக்கு மூன்று முறை நாள் தவறாமல் வந்திருக்கிறது. பரு பாதியாகிவிட்டது, வலிக்கும் உருண்டைகள் இரண்டோ மூன்றோ. டாக்ஸிசைக்ளினை நிறுத்தியாயிற்று, ஜெல் தொடர்கிறது. தாடையில் முடி அப்படியே இருக்கிறது. இந்த இடத்தில்தான் "மருந்து வேலை செய்யலை" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முகத்து முடியின் வளர்ச்சிச் சுற்று மாதக்கணக்கில் நீள்வது. இன்று கண்ணில் படும் முடி, மாத்திரை தொடங்கும் முன்பே வேரில் முடிவாகிவிட்டது. ஹார்மோன் சிகிச்சை முடியில் பலன் தருகிறதா என்று தீர்ப்பெழுதக் குறைந்தது ஆறு மாதம் வேண்டும். அப்போதும் தெரிவது முடி மெலிவதும், த்ரெடிங் இடைவெளி நீள்வதும்தான்.

ஆறாம் மாதம் இவருக்குப் பத்து நாள் இடைவெளி மூன்று வாரமாகியிருந்தது. அது போதவில்லை என்று ஸ்பைரனோலாக்டோன் 50 மி.கி. சேர்த்தார்கள். ஆண்ட்ரோஜன் தோலில் போய் உட்காரும் இடத்தை இது அடைத்துக்கொள்கிறது. பருவுக்கும் நன்றாகக் கேட்கும். ஆனால் இதைச் சாப்பிடும்போது கரு உண்டானால், ஆண் கருவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும். கருத்தடை மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். கல்யாணமாகி, குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு இது கூடவே கூடாது. அடிக்கடி சிறுநீர் போவதும் லேசான தலைசுற்றலும் இதில் வரும். பொட்டாசியத்தைக் கூட்டும் மருந்து என்பதால், சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, ட்ராஸ்பைரினோன் உள்ள கருத்தடை மாத்திரையோடு சேர்த்தாலோ ரத்தத்தில் ஒருமுறை அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே தடித்துவிட்ட மயிர்க்காலுக்கு லேசர். நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் என்டி-யாக் வகை லேசர் பாதுகாப்பானது. தோலின் நிறத்தைக் குறைவாகத் தொட்டு ஆழத்துக்குப் போகும். வெள்ளைத் தோலுக்கு அமைத்த அளவில் வேறு கருவியை ஓட்டினால் முகத்தில் சூட்டுத் தழும்பு விழும். ஆகவே பார்லரில் தள்ளுபடி என்று கேள்விப்பட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை என ஆறு முதல் எட்டு அமர்வு ஆகும். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அதற்கு மேலும் ஆகும், பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை பராமரிப்பு. ஹார்மோனைக் கட்டுப்படுத்தாமல் லேசர் மட்டும் செய்தால் பக்கத்துப் பூனைமுடிகள் புதிதாகத் தடித்து வந்துகொண்டே இருக்கும், செலவு செய்ததற்குப் பலன் தெரியாது. நரைத்த முடியை லேசர் பிடிக்காது. சிலருக்கு, குறிப்பாகத் தாடையிலும் கழுத்திலும், லேசருக்குப் பிறகு மெல்லிய முடி கூடுவதும் உண்டு; அப்படித் தெரிந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

லேசருக்கு வேரில் முடி இருக்க வேண்டும். எனவே அமர்வுக்கு நான்கு வாரம் முன்பிருந்தே த்ரெடிங்கும் வாக்ஸிங்கும் கூடாது. அதுவரை என்ன செய்வது? ஷேவிங்தான். இதைச் சொன்னால் பெண்கள் திகைக்கிறார்கள். சவரம் செய்தால் முடி தடிக்கும் என்பது உண்மை இல்லை. வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பருவுள்ள முகத்தில் நூலை ஓட்டுவதும் மெழுகை ஒட்டிப் பிய்ப்பதும்தான் உண்மையில் கெடுதல்: பரு உடையும், முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளரும், தாடையில் கறுப்புப் புள்ளிகள் தங்கும்.

ஐசோட்ரெட்டினோயின் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. கடுமையான, தழும்பு விடும் பருவுக்கு அது பலமான மருந்து. கருவில் குழந்தைக்குக் கொடூரமான பிறவிக் குறைகளை உண்டாக்கும் என்பதால், சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கர்ப்பம் கூடவே கூடாது. ஹார்மோன் காரணமாக வரும் பருவுக்கு அதை மட்டும் கொடுத்தால் முடித்த பிறகு திரும்ப வரும் வாய்ப்பும் அதிகம்.

ஓராண்டு முடிவில் நம் பெண்ணுக்கு எடை 64. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை 131. பரு எப்போதாவது ஒன்று. தாடையில் ஆறு அமர்வு லேசர் முடிந்து, ஷேவிங் மாதம் ஒருமுறை. கழுத்துக் கறுப்பு வெளிறத் தொடங்கியிருக்கிறது; பீர்க்கங்காய் நாரை விட்டதும் அதற்கு ஒரு காரணம்.

கல்யாணம் நிச்சயமானால் என்ன செய்வது என்று அம்மா கேட்டார். "கல்யாணமானா சரியாயிடும்" என்று சொந்தக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். சரியாகாது. குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே ஸ்பைரனோலாக்டோனையும் அடாபலீனையும் மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். கருத்தடை மாத்திரையையும் நிறுத்திய சில மாதங்களில் பரு கொஞ்சம் தலைகாட்டலாம். அப்போது கர்ப்பத்திலும் பயன்படுத்தக்கூடிய அஸெலாயிக் ஆசிட் கிரீமுக்கு மாறலாம். எடை குறைந்த பெண்களில் பலருக்கு முட்டை தானாகவே வெளிவரும். வராவிட்டால் லெட்ரோசோல் என்ற மாத்திரையை மாதவிலக்கின் தொடக்கத்தில் ஐந்து நாள் கொடுத்து வரவைக்கிறார்கள். பிசிஓஎஸ்ஸில் அதுதான் முதல் தேர்வு. கர்ப்பம் உறுதியானதும் குளுக்கோஸ் பரிசோதனையை முதல் மாதங்களிலேயே செய்துகொள்ள வேண்டும், 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை. கர்ப்பம் இல்லாத காலத்தில், மாதவிலக்கும் முகமும் எவ்வளவு சரியாக இருந்தாலும், ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்த இரண்டு மணி நேரச் சோதனை தொடர வேண்டும்.